ஃபவுல், ஆஃப்சைட், பெனால்டி ஒட்ஸ்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒரே மேட்ச்தான். "பெனால்டி கொடுப்பாங்க"ன்னு ஒரு இடத்துல 2.70, இன்னொரு இடத்துல 3.60. யாரு தப்பு?

ரெண்டு பேருமே நேர்மையா கணக்கு போட்டுத்தான் அந்த நம்பருக்கு வந்திருக்கலாம். நான் கேஎல்ல பங்சார் பக்கம் ஒரு ஆபீஸ்ல நாலு வருஷம் நைட் ஷிஃப்ட்ல மேட்ச் டேட்டா அடிச்சவன், ராத்திரி பூரா ஹெட்போன் மாட்டிக்கிட்டு விசில் அடிச்சா ஒரு கீ, கொடி தூக்குனா இன்னொரு கீ. அதனால இந்த நம்பரெல்லாம் எங்க பொறக்குதுன்னு கிட்ட இருந்து பாத்திருக்கேன்.

ஒட்ஸ்ங்கிறது வாய்ப்பைத் திருப்பிப் போட்டது, அவ்வளவுதான். 100 மேட்ச்ல 25ல நடக்கும்னா 100-ஐ 25ஆல வகுத்து 4.00. இப்ப உலகக் கிண்ணத்தையே எடுத்துக்குங்க. 2014 பிரேசில்ல 64 மேட்ச்ல 13 பெனால்டி. 2018 ரஷ்யாவுல அதே 64 மேட்ச்ல 29 பெனால்டி, அதுதான் விஏஆர் வந்த முதல் உலகக் கிண்ணம் (கடைசியில அஞ்சு அஞ்சா அடிக்கிற ஷூட்அவுட் இதுல சேராது). ஒரே மேட்ச்ல ரெண்டு பெனால்டியும் வரலாம்ங்கிறதால நேரா வகுக்காம, ஒரு மேட்ச்ல ஒரு பெனால்டியாவது வர்றதுக்கு சரியான ஒட்ஸ் என்னன்னு எக்செல்ல இப்படி அடிச்சுப் பாக்கலாம்:

```
=1/(1-EXP(-13/64))
=1/(1-EXP(-29/64))
```

முதலாவது 5.44 காட்டும், ரெண்டாவது 2.74. பாத்தீங்களா, அதே போட்டி, அதே கேள்வி, நாலு வருஷ இடைவெளியில விலை பாதியா போயிடுச்சு. பிரீமியர் லீக்ல 2020-21 சீசன்ல 380 மேட்ச்ல 125 பெனால்டி, அதைப் போட்டா 3.57 வரும். ஆக ஒரு பந்தயக் கடைக்காரன் எந்த வருஷத்து சராசரியை எடுத்தான், எந்த லீக்கை எடுத்தான்னு அவன் மேசையில உக்காந்து முடிவு பண்றதுலயே 2.70க்கும் 3.60க்கும் உள்ள தூரம் வந்துடுது. யாரும் ஏமாத்தவே வேணாம்.

அப்ப ஃபவுல் ஒட்ஸ் மட்டும் ஏன் அவ்வளவா விலகி நிக்கிறதில்ல?

ஏன்னா ஃபவுல் நெறைய வருது. பிரீமியர் லீக்ல ஒரு மேட்சுக்கு ரெண்டு டீமும் சேர்ந்து 21, 22ன்னு வச்சுக்கலாம், ஸ்பெயின் இத்தாலில அதைவிடக் கூட. 21.5க்கு மேலயா கீழயான்னு கேள்வி, அந்த 21.5ஐத்தான் லைன்னு சொல்வாங்க. ஒருத்தன் சராசரி 22ன்னு நெனைச்சா மேல போற வாய்ப்பு சுமார் 54 சதவீதம், ஒட்ஸ் 1.85. இன்னொருத்தன் 23ன்னு நெனைச்சா 62 சதவீதம், ஒட்ஸ் 1.61. ஒரு முழு ஃபவுல் அபிப்பிராய பேதத்துக்கு இவ்வளவுதான் அசையுது.

பெனால்டில அப்படி இல்லங்க. மேட்சுக்கு 0.22ன்னு ஒருத்தன், 0.36ன்னு ஒருத்தன், பேப்பர்ல பாத்தா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா முதல் ஆளுக்கு ஒட்ஸ் 5.06, ரெண்டாவது ஆளுக்கு 3.31. அரிதா நடக்கிற விஷயத்தைத் திருப்பிப் போடும்போது சின்னப் பிசகு பெருசா தெரியும். இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால புரியும்.

பெனால்டி கூடுறதும் குறையுறதும் ரெபரி கையிலதானே? "இந்த ரெபரி வந்தா பெனால்டி நிச்சயம்"னு சொல்றாங்களே

பாதி உண்மை. ஆனா அந்தப் பாதியை அளக்குறதுதான் கஷ்டம், இதுலதான் நெறைய பேரு விழுறாங்க.

ஒரு ரெபரி 20 மேட்ச் பண்ணி 9 பெனால்டி கொடுத்துட்டார்னு வைங்க. உடனே மாமாக் கடையில பேச ஆரம்பிச்சுடுவாங்க, இவரு பெனால்டி ராசா, இவரு பேரு வந்தா யோசிக்காம கட்டுன்னு. மேட்சுக்கு 0.3ன்னு வச்சா 20 மேட்சுக்கு 6 எதிர்பாக்கணும். எல்லா ரெபரியும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே ஆளா இருந்தாலும்கூட, வெறும் அதிர்ஷ்டத்துல 9 அல்லது அதுக்கு மேல கொடுக்குற வாய்ப்பு சுமார் 15 சதவீதம் இருக்கு. லீக்ல 20 ரெபரி இருந்தா அதுல மூணு பேரு சும்மாவே "பெனால்டி ராசா" ஆயிடுவாங்க. அடுத்த சீசன்ல அதே மூணு பேரு சாதாரண நம்பருக்கு வந்துடுவாங்க, அப்ப "அவரு மாறிட்டாரு"ன்னு பேசுவோம்.

ஃபவுல்ல இது நேர்மாறு. அதே 20 மேட்ச்ல 440 ஃபவுல் கிட்ட விசில் அடிச்சிருப்பாரு, அது போதுமான கணக்கு. ஒருத்தர் மேட்சுக்கு 25 அடிக்கிறாரு இன்னொருத்தர் 19ன்னா அது அவங்க குணம்தான்னு ஓரளவு நம்பலாம். அதனால ரெபரி பேரு வெளியானதும் ஃபவுல் லைன் நகர்றது நியாயமான நகர்வு, பெனால்டி ஒட்ஸ் நகர்றது பெரும்பாலும் பேச்சுக்கு நகர்றது. சில கடைங்க ரெபரி பேரை மாடல்ல முழுசா சேக்குது, சில கடைங்க கொஞ்சமா சேக்குது, சிலது சேக்குறதே இல்ல. இங்கயும் ஒரு இடைவெளி விழுதா?

ரெபரியைவிட பலமா இழுக்குறது சட்டம்தான், அதுலயும் ஹேண்ட்பால். 2020 செப்டம்பர்ல டோட்டன்ஹாம் நியூகாசல் மேட்ச், இஞ்சுரி டைம் ஓடிக்கிட்டு இருக்கு, எரிக் டயர் பந்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு குதிக்கிறாரு, பின்னாடி பக்கத்துல இருந்து தலையால முட்டுன பந்து தூக்குன கையில பட்டுது. அவரு பாக்கவே இல்ல. விஏஆர் கூப்பிட்டு பெனால்டி, கேலம் வில்சன் அடிச்சாரு, 1-1. அந்த சீசன் ஆரம்பத்துல கையில பட்டாலே பெனால்டிங்கிற மாதிரி போச்சு, ஒரே சத்தம், அப்புறம் லீக்ல கொஞ்சம் தளர்த்துனாங்க. 2021ல சட்டத்து வாசகத்தையே மாத்தி எழுதுனாங்க, கை உடம்பை இயற்கைக்கு மாறா பெருசாக்குச்சான்னு ரெபரி பாத்து முடிவு பண்ணணும்னு. ஆக அந்த 125ங்கிற நம்பர்ல ஒரு பகுதி, இப்ப இல்லாத ஒரு பார்வையில இருந்து வந்தது. அதைக் கழிக்காம இன்னைக்கு விலை போடுறவன் பெனால்டியை அதிகமா நெனைப்பான்.

ஆஃப்சைட் எதை வச்சு வருது? வேகமான ஸ்ட்ரைக்கர் இருந்தா கூடுமா?

ஸ்ட்ரைக்கரைவிட எதிர் டீமோட டிஃபென்ஸ் லைன் எங்க நிக்குதுங்கிறதுதான் முதல்ல பாக்கணும். இதுக்கு ஒரே மேட்சை முழுசா பாக்கலாம், 2022 கத்தார்ல அர்ஜென்டினா சவுதி அரேபியா.

நம்ம ஊர்ல சாயங்காலம் 6 மணி மேட்ச் அது, வேலை முடிஞ்ச கையோட பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடையில நின்னுக்கிட்டே பாத்தேன், தே தாரேக் ஆறிப்போனதுகூட தெரியல. 10ஆவது நிமிஷம் பெனால்டி: செட்பீஸ்ல பரேடஸைப் பிடிச்சு இழுத்ததை ரெபரி முதல்ல கொடுக்கல, விஏஆர் கூப்பிட்டு திரையைப் பாத்துட்டு கொடுத்தாரு, மெஸ்ஸி அடிச்சாரு. அதுக்கப்புறம்தான் விஷயமே. சவுதி கோச் ஹெர்வே ரெனார் டிஃபென்ஸை நடுக்கோட்டு பக்கம் வரைக்கும் தூக்கி நிக்க வச்சிருந்தாரு. அர்ஜென்டினா பந்தை அந்த லைனுக்குப் பின்னாடி போட்டுக்கிட்டே இருக்கு, கொடி தூக்கிக்கிட்டே இருக்கு. முதல் பாதில மட்டும் 7 ஆஃப்சைட், மூணு கோல் ரத்து, அதுல மெஸ்ஸிக்கு ஒண்ணு லவுதாரோவுக்கு ரெண்டு. பக்கத்து மேசையில ஒரு அண்ணன் மூணு தடவை எழுந்து கத்தி மூணு தடவை உக்காந்தாரு.

ரெண்டாவது பாதி தொடங்கி 48ஆவது நிமிஷமும் 53ஆவது நிமிஷமும் சவுதி கோல். 2-1. முன்னால போயாச்சு, இனி அவ்வளவு மேல நிக்க வேணாம்னு லைன் மெல்ல மெல்ல கீழ இறங்கிடுச்சு. பின்னாடி ஓட இடமே இல்லன்னா ஆஃப்சைட் எங்க வரும்? ரெண்டாவது பாதி பூரா அர்ஜென்டினா முட்டிக்கிட்டு இருந்தும் 3 ஆஃப்சைட்தான், மொத்தம் 10. சவுதிக்கு மஞ்ச கார்டு மட்டும் 6 விழுந்துச்சு. வெட்டவெளில ஓடுற ஆளுக்கு ஆஃப்சைட் வரும், நெருக்கத்துல முட்டுற ஆளுக்கு ஃபவுல் கிடைக்கும், ஒரே மேட்ச்ல ரெண்டு கட்டத்தையும் பாத்துட்டோம்.

சாதாரணமா ஒரு மேட்ச்ல ரெண்டு டீமும் சேர்ந்து 4 ஆஃப்சைட்டை ஒட்டித்தான் வரும். அந்த சராசரியை மட்டும் வச்சுக்கிட்டு விலை போட்டவனுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. 2024 அக்டோபர்ல ரியல் மாட்ரிட் பார்சலோனா மேட்ச்லயும் இதேதான், ஹான்ஸி ஃப்ளிக் டிஃபென்ஸை மேல நிறுத்தி மாட்ரிட்டை 12 தடவை ஆஃப்சைட் ஆக்குனாரு, எம்பாப்பே ஒருத்தரே 8. வேகமான ஸ்ட்ரைக்கர்தான், ஆனா எதிர்ல லைன் மேல நின்னதாலதான் அந்த வேகம் ஆஃப்சைட்டா முடிஞ்சது. ஆழமா உக்காந்து தடுக்குற டீமுக்கு எதிரா அதே ஆளு ஒரு தடவைகூட மாட்டாம போகலாம்.

அதனால ஆஃப்சைட் விலையில ரெண்டு டீமோட ஜோடியைப் பாக்கணும், தனித்தனி சராசரியைக் கூட்டி ரெண்டால வகுத்தா சரிவராது. இந்த வேலையை மெனக்கெட்டு செய்றவங்க கம்மி.

டிவில 22 ஃபவுல் காட்டுச்சு, கணக்கு முடிக்கும்போது 21ன்னு சொல்றாங்க. இது எப்படி?

இது நடக்கும். நானே அந்தக் கீயை அடிச்சவன்கிறதால சொல்றேன். ரெபரி விசில் அடிக்கிறாரு, காமெரா அப்ப பெஞ்ச்ல இருக்குற கோச்சைக் காட்டிக்கிட்டு இருக்கு. திரும்பி வரும்போது பந்து ஃப்ரீகிக்குக்கு ரெடியா இருக்கு. யாரு யாரைத் தள்ளுனா, ஃபவுலா, இல்ல ஆஃப்சைட் கொடியா? மறுபடி ஓட்டிப் பாத்துத்தான் சேக்கணும், மேட்ச் ஓடிக்கிட்டே இருக்கும், அடுத்த விசிலும் வந்துடும். ஒரு ராத்திரி ஒரு மேட்ச்ல நான் 22 போட்டேன், மேட்ச் முடிஞ்சு சரிபாக்குற அக்கா 21ஆ குறைச்சாங்க, ஒண்ணு டிராப் பால், ஃபவுலே இல்லன்னு. அவங்க சொன்னது சரிதான். ஆனா அதுக்குள்ள 22 எத்தனையோ திரைக்குப் போயாச்சு.

விதியைப் பொறுத்தவரை பெரும்பாலும் ரெபரி விசில் அடிச்சு ஃப்ரீகிக்கோ பெனால்டியோ கொடுத்தாதான் ஃபவுல் கணக்கு. அட்வான்டேஜ் விட்டு ஆட்டம் தொடர்ந்துட்டா அது எண்ணிக்கையில வராம போகலாம், அந்த ஆளுக்குப் பின்னாடி மஞ்ச கார்டு காட்டுனாலும். ஆஃப்சைட்டுக்கு கிடைக்கிற ஃப்ரீகிக் ஃபவுல்ல சேராது. ஹேண்ட்பாலை எங்க சேக்குறதுங்கிறது டேட்டா கம்பெனியைப் பொறுத்தது. ஆக ரெண்டு கடையில ஒரே 21.5 லைன் போட்டிருந்தாலும் ரெண்டும் வேற வேற ஆளு எண்ணுனதா இருந்தா அது ஒரே சரக்கு கிடையாது, விலை ஒத்துப்போகணும்னு எதிர்பாக்கவும் முடியாது. எந்தக் கம்பெனி கணக்குல முடிப்பாங்கன்னு விதிப் பக்கத்துல எழுதியிருக்கும், அதை முதல்ல படிங்க.

ரெபரி பெனால்டி கொடுத்துட்டு விஏஆர் பாத்து வாபஸ் வாங்கிட்டா?

பொதுவா கணக்குல வராது, கடைசி முடிவுதான் நிக்கும். கொடுத்து தவறவிட்டா வரும், ஏன்னா கேள்வி கொடுத்தாங்களான்னுதான், அடிச்சாங்களான்னு இல்ல. கீப்பர் முன்னாடியே நகர்ந்ததுக்கு மறுபடி அடிக்கச் சொன்னா அது ஒரே பெனால்டி. எக்ஸ்ட்ரா டைம்ல கொடுத்தது பெரும்பாலான இடத்துல சேராது, 90 நிமிஷமும் இஞ்சுரி டைமும் மட்டும்தான்.

ஹேண்டிகேப் எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே விலை. இதை மட்டும் ஏன் யாரும் சரி பண்ண மாட்டேங்குறாங்க?

ஹேண்டிகேப்ல, அதாவது பலமான டீமுக்கு கோல் கணக்கைக் குறைச்சு வச்சு கட்டுறதுல, பெரிய காசு வருது. ஒரு இடத்துல விலை தப்பா இருந்தா கணக்கு தெரிஞ்ச ஆளுங்க பெருசா கட்டி அடிப்பாங்க, அந்த அடியில விலை தானா சரியான இடத்துக்கு வந்துடும், மத்த கடைங்களும் அதைப் பாத்து மாத்திக்கும். சந்தையில வெங்காய விலை மாதிரி, நாலு பேரு பேரம் பேசுனாதான் ஒரு விலை நிக்கும்.

பெனால்டிலயும் ஆஃப்சைட்லயும் அந்தப் பேரமே நடக்குறதில்ல. ஒரு ரெபரியோட ஒரே முடிவுல தீர்ந்துபோற விஷயம், உள்ள இருந்து யாராச்சும் வேலை காட்டுறதும் இதுல சுலபம், அதனால கொஞ்ச காசுக்கு மேல எடுக்க மாட்டாங்க. ஜெயிச்சுக்கிட்டே இருக்குற ஆளுக்கு அளவை இன்னும் வெட்டிடுவாங்க. 50 வெள்ளிக்கு மேல வாங்காத இடத்துல விலையைத் திருத்த யாரு மெனக்கெடுவா? தப்பான விலை தப்பாவே மேட்ச் தொடங்குற வரைக்கும் கிடக்கும்.

தெரியாத விலையை விக்கிறவன் என்ன பண்ணுவான், லாபத்தைக் கூட வச்சுக்குவான். உண்டு 3.20, இல்ல 1.30ன்னு போட்டா ரெண்டோட வாய்ப்பையும் கூட்டிப் பாருங்க, 31.25ம் 76.9ம் சேர்ந்து 108 வரும். 100க்கு மேல இருக்குற அந்த 8 கடையோட பங்கு. அதைக் கழிச்சா அவன் மனசுல இருக்குற உண்மையான விலை 3.46 கிட்ட. இதாவது பரவாயில்ல, கண்ணுக்குத் தெரியுது. சில இடத்துல "உண்டு" மட்டும்தான் இருக்கும், "இல்ல"ங்கிற பக்கமே இருக்காது. அங்க 2.70 போட்டிருந்தா அவன் பெனால்டி வரும்னு நம்புறானா, இல்ல பங்கை அதிகமா வச்சிருக்கானான்னு வெளிய இருந்து பிரிச்சுப் பாக்கவே வழியில்ல. முதல் கேள்வியில கேட்ட 2.70 இந்த வகையான்னு பாருங்க, எனக்கு அந்த சந்தேகம்தான் முதல்ல வரும்.

-0.57ன்னு மைனஸ்ல போட்டிருக்கே, அது என்ன?

அது மலாய் ஒட்ஸ். ஒரு வெள்ளி ஜெயிக்க 57 காசு வைக்கணும்னு அர்த்தம், 2.75ம் இதுவும் ஒண்ணுதான். ஒப்பிடும்போது எல்லாத்தையும் ஒரே முறைக்கு மாத்திட்டு ஒப்பிடுங்க.

நம்ம ஊர்ல இதுக்குக் காசு கட்டலாமா?

1953ஆம் வருஷத்து பெட்டிங் சட்டப்படி லைசென்ஸ் இல்லாத பந்தயம் குற்றம், வாங்குறவனுக்கு மட்டும் இல்ல, கட்டுறவனுக்கும்தான். ஃபோன்ல கட்டுனாலும் அப்படித்தான். நான் கட்டுறதில்ல, நம்பருக்காகத்தான் பாக்குறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி இந்த மாதிரி சின்னச் சின்ன மார்க்கெட்டாலயே கடன்ல மாட்டுனான், மேட்சுக்கு முப்பது வகை இருக்குறதால முப்பது தடவை கை போகும்.

மேட்ச் ஓடும்போது திடீர்னு ஒட்ஸ் மூடிக்குது. டிவில அப்ப ஒண்ணுமே நடக்கல. ஏன்?

உங்க டிவி பின்னாடி ஓடுது. ஸ்டேடியத்துல உக்காந்திருக்குற டேட்டா ஆளு பெனால்டி பாக்ஸ்ல யாராச்சும் விழுந்தாலே, ரெபரி விசிலுக்குக் காத்திருக்காம "பெனால்டி இருக்கலாம்"ங்கிற கீயை அடிச்சிடுவாரு. அடிச்ச உடனே மார்க்கெட் மூடிடும். அந்தப் படம் சுத்தி வளைச்சு நம்ம கடை டிவிக்கு வர்றதுக்குள்ள பல வினாடி ஆயிடும்.

அப்புறம் விஏஆர் பாத்துட்டு பெனால்டி இல்லன்னு சொல்லி மறுபடி திறக்கும்போது, ஒட்ஸ் முன்னாடி இருந்ததைவிட மேல இருக்கும், நேரம் கரைஞ்சுட்டதால. முழு மேட்சுக்கு 0.33ன்னு தொடங்குன கணக்கு 60ஆவது நிமிஷத்துல மூணுல ஒரு பங்கு, 0.11. அதை அதே எக்செல்ல போட்டா 9.6 வரும். திரையில பெரும்பாலும் அதைவிடக் கம்மியாத்தான் காட்டும், 7ஓ 7.5ஓ. அந்த இடைவெளி கடையோட பங்குதான், மேட்சுக்கு முன்னாடி இருந்ததைவிட இப்ப இன்னும் அகலமா.